கப்பல் பட்டியலின் ஒரு வரியை ஸ்லைடில் ஏற்றப் போய்: Screen Clipping அனுபவங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன் (பகிர்வைத் தொடங்கியவர்)

ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரைச் சென்னையிலிருந்து ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அந்த நாளை எங்கள் சங்கத்தில் ஆண்டுதோறும் நினைவுகூர்வது வழக்கம். இவ்வாண்டு, பின்னால் வந்த வேறொரு கப்பலில் இறங்கிய என் பாட்டனாரின் தந்தையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் ஆகியவை ஒரே வரியில் எழுதப்பட்ட கப்பல் பட்டியலின் ஸ்கேன் பிரதி பிடிஎஃப் கோப்பாக என்னிடம் இருக்கிறது. முழுப் பக்கத்தையும் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஸ்லைடில் வைக்க விரும்பினேன்.

பவர்பாயிண்டில் Insert தாவலில் உள்ள Screenshot பொத்தானை அழுத்தினால், பட்டியலின் அடியில் Screen Clipping என்று ஒன்று வருகிறது. அதை அழுத்தியதும் பவர்பாயிண்ட் தானாக ஒதுங்கிக்கொள்ள, திரை வெளுத்து, சுட்டி ஒரு கூட்டல் குறியாக மாறியது. ஆனால் வெளுத்துத் தெரிந்தது கப்பல் பட்டியல் அன்று; என் மகள் அனுப்பியிருந்த மளிகைச் சாமான் பட்டியல்! இடையில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிடிஎஃப் சாளரத்தை முன்னே கொண்டுவரலாம் என்று பணிப்பட்டையை அழுத்தியபோது, வெட்டும் வேலையே கலைந்துபோனது.

எப்படியோ இரண்டாம் முறை சரியாக வெட்டி, பெரிதாக இழுத்து வைத்தேன். வீட்டில் நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்தின் புரொஜெக்டரில் ஒத்திகை பார்த்தபோது எழுத்துகள் எல்லாம் பஞ்சு பிய்த்ததுபோல் ஆகிவிட்டன. நிகழ்ச்சிக்கு இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ஃபீனிக்ஸ், டர்பன்

அக்கா, எனக்கும் இதே மங்கல் வந்தது. காரணம், கோப்பைச் சேமிக்கும்போது பவர்பாயிண்ட் படங்களைச் சுருக்கிவிடுகிறது. File, Options, Advanced என்று போனால் Image Size and Quality என்ற பகுதியில் Do not compress images in file என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டுச் சேமியுங்கள். எழுத்து கண்ணாடிபோல் தெரியும். நான் அதன் பிறகு ஒருமுறைகூட மங்கலைப் பார்த்ததில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஃபீனிக்ஸ் தம்பி சொல்லும் கட்டம் உண்மையானது, குறியிட்டு வைப்பதும் நல்லதே. ஆனால் அக்காவுக்கு நேர்ந்தது அதனால் அன்று என்று நினைக்கிறேன். அந்த அமைப்பு, இருக்கும் நுணுக்கத்தைக் குறையாமல் காக்குமே தவிர, இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்காது. Screen Clipping எடுப்பது மூலக் கோப்பை அன்று. அந்த நேரத்தில் திரையில் எத்தனை புள்ளிகளாக ஒன்று தெரிகிறதோ அத்தனை புள்ளிகளை மட்டுமே. ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்கும்படி நீங்கள் வைத்திருந்தால், வெட்டில் வருவது அந்தச் சுருங்கிய உருவமே.

அக்கா, வெட்டிய படத்தின்மேல் வலது சொடுக்கிட்டு Size and Position என்பதைத் திறந்து, அதில் Scale Width என்ன காட்டுகிறது என்று சொல்ல முடியுமா? உங்கள் மடிக்கணினித் திரையின் அளவும் வேண்டும்.

சாட்ஸ்வர்த்

Scale Width 200% என்று காட்டுகிறது, ஐயா. படத்தின் அகலம் 10 அங்குலம். மடிக்கணினித் திரை 1366 × 768.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்படியானால் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கொண்டால், இழுப்பதற்கு முன் உங்கள் வெட்டு 5 அங்குலம், அதாவது 480 புள்ளி அகலம் உடையது. அகலத் திரை ஸ்லைடு 13.33 அங்குலம், மண்டபத்துப் புரொஜெக்டர் 1920 புள்ளி காட்டுவது என்றால், அதில் உங்கள் 10 அங்குலம் 1440 புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும். 480 புள்ளியை 1440 இடங்களில் பரப்பினால் ஒவ்வொன்றும் மூன்று மடங்காகும். பஞ்சு பிய்ந்தது அங்கேதான். வீட்டில் சிறிய திரையில் பார்த்ததால் அது உங்கள் கண்ணுக்குப் படவில்லை.

ஆகவே பெரிதாக்குவதை ஸ்லைடில் செய்யாமல், வெட்டுவதற்கு முன் பிடிஎஃபில் செய்யுங்கள். அந்த வரி உங்கள் திரையின் அகலத்தை ஏறக்குறைய நிரப்பும் வரை உருப்பெருக்குங்கள். சுமார் 1300 புள்ளி கிடைக்கும். 10 அங்குலத்துக்கு அது போதும். வயதும் ஊரும் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால், வரியை ஒரே வெட்டாக எடுக்காமல், எண்ணும் பெயர்களும் ஒரு வெட்டு, வயதும் ஊரும் மறுவெட்டு என்று ஒரே உருப்பெருக்கத்தில் எடுத்து, ஸ்லைடில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கலாம். ஸ்கேனிலேயே இருக்கும் புள்ளிகளைத் தாண்டி உருப்பெருக்குவதில் மட்டும் பயனில்லை. எழுத்தின் ஓரங்கள் பிடிஎஃபிலேயே குழைந்து தெரிந்தால் அதுதான் எல்லை.

மளிகைப் பட்டியல் வந்த கதைக்கும் காரணம் ஒன்றே. பவர்பாயிண்ட் ஒதுங்கியதும் அதற்கு நேர் பின்னால் எது இருக்கிறதோ அதுவே வெட்டுக்குக் கிடைக்கும். Screenshot பட்டியலில் Available Windows என்பதன்கீழ் சிறு படங்கள் தெரிகின்றன அல்லவா, அவற்றுள் முதலாவது எதுவோ அதுதான் பின்னால் நிற்கிறது. எனவே பட்டியலைத் திறந்ததும் முதல் படத்தைப் பாருங்கள். கப்பல் பட்டியலாக இல்லையென்றால் Screen Clipping அழுத்தாமல் Esc கொடுத்துவிட்டு, பிடிஎஃப் சாளரத்தை ஒருமுறை தொட்டு, வேறு எதையும் தொடாமல் நேரே பவர்பாயிண்டுக்கு வாருங்கள். பிடிஎஃபைப் பணிப்பட்டைக்குள் சுருக்கி வைத்திருந்தால் அது அந்தச் சிறு படங்களில் வரவே வராது.

காத்ர் போர்ன், மொரிஷியஸ்

இதே கருவியால் எனக்கு நேர்ந்த தொல்லையையும் சொல்கிறேன். தமிழ்த் தட்டச்சு கற்பிக்கும் வகுப்புக்காக, விசைப்பலகை மொழியை மாற்றும் பட்டியல் திறந்த நிலையில் இருக்கும் படம் எனக்குத் தேவைப்பட்டது. பட்டியலைத் திறந்துவிட்டுப் பவர்பாயிண்டுக்கு வந்து Screen Clipping அழுத்தினால், அதற்குள் அந்தப் பட்டியல் மூடிக்கொள்கிறது. பத்து முறை முயன்றேன். உருப்பெருக்கியும் பார்த்துவிட்டேன், பயனில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உருப்பெருக்கம் அக்காவின் சிக்கலுக்குச் சொன்னது. உங்களுடையது வேறு, அம்மா. பவர்பாயிண்டுக்கு வர நீங்கள் சொடுக்கும் சொடுக்கே பட்டியலை மூடுகிறது. இந்தக் கருவியில் காத்திருக்கச் சொல்ல வழியில்லை. விண்டோஸில் தனியாக உள்ள Snipping Tool நிரலில் சில விநாடித் தாமதம் வைக்கலாம்; அந்த இடைவெளியில் பட்டியலைத் திறந்து வைத்து, வெட்டி, ஸ்லைடில் Ctrl+V கொடுத்து ஒட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு Screen Clipping ஏற்றதன்று.

செயிண்ட் ஆந்த்ரே, ரீயூனியன்

எங்கள் பள்ளிக் கணினியில் எல்லாம் பிரெஞ்சில் இருப்பதால் Insertion என்ற தாவலில் Capture என்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் என் சொந்தக் கணினி மேக். அதில் முதல்முறை வெட்டியபோது, பிடிஎஃப் கண்ணெதிரே திறந்திருந்தும், வெட்டில் வந்தது திரையின் பின்னணியில் இருந்த கடல் படம் மட்டும்தான். திரையைப் பதிவுசெய்ய பவர்பாயிண்டுக்கு அனுமதி கொடுக்காததே காரணம் என்று அண்ணன் கண்டுபிடித்தார். கணினி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் அந்த அனுமதியைக் கொடுத்து, பவர்பாயிண்டை மூடித் திறந்த பிறகு சரியாயிற்று. மேக் வைத்திருப்பவர்கள் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவில் இதைக் கண்டுபிடிக்காமலிருப்பது நல்லது.

ஃபீனிக்ஸ், டர்பன்

ஐயா சொன்ன கணக்கை என் பழைய கோப்பில் பார்த்தேன். என் வெட்டுகள் எல்லாம் 100%க்குக் கீழேதான் இருந்தன. கட்டத்தில் குறியிட்டதால் தெளிந்தது என்று இதுநாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கேள்வி: Available Windows என்பதில் முழுச் சாளரத்தையும் எடுத்து, பிறகு Crop செய்தால் இந்த அலைச்சலே இல்லையே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

செய்யலாம், புள்ளிகளின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. ஆனால் Crop மறைக்கிறதே தவிர, வெட்டி எறிவதில்லை. அந்தக் கோப்பைப் பெறுபவர் யாராயினும் Crop பொத்தானை அழுத்தி மறைந்த பகுதியைத் திரும்ப இழுத்துவிடலாம். உங்கள் உலாவியின் மற்றத் தாவல்கள், ஓரத்தில் தெரிந்த மின்னஞ்சல் எல்லாம் உள்ளேயே இருக்கும். Compress Pictures திறந்து Delete cropped areas of pictures என்பதைக் குறியிட்டால்தான் அவை போகும். Screen Clipping எடுத்தால் கோடு போட்ட இடத்துக்கு வெளியே இருப்பது கோப்புக்குள் நுழைவதே இல்லை. கப்பல் பட்டியலில் அடுத்தடுத்த வரிகள் மற்றக் குடும்பங்களுடையவை. சாதியும் உடல் அடையாளங்களும்கூட எழுதப்பட்டிருக்கும். கோப்பைச் சங்கத்தில் எல்லோருக்கும் அனுப்புவதாக இருந்தால், இதற்காகவே நான் வெட்டைத் தேர்ந்தெடுப்பேன்.

சாட்ஸ்வர்த்

நேற்று மண்டபத்துக்குப் போய் மறுபடியும் பார்த்தேன். உருப்பெருக்கியபோது என் 1366 திரையில் வரி முழுவதும் அடங்காததால், ஐயா சொன்னபடி இரண்டாக வெட்டினேன். Scale Width இரண்டிலும் 78% காட்டுகிறது. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து வரை, எழுத்தர் மை தீர்ந்து மறுபடியும் தொட்டு எழுதிய தடம்கூட, கடைசி வரிசையிலிருந்து தெரிந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. மண்டபத்தில் புரொஜெக்டரை இரண்டாவது திரையாக இணைத்த நிலையில் ஒரு வெட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் கோடு போட்டது ஓரிடம், ஸ்லைடில் வந்தது அதற்குச் சற்று மேலே உள்ள வரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எனக்கும் ஒருமுறை அப்படி நேர்ந்தது. அப்போது மடிக்கணினியில் ஓர் உருப்பெருக்க அளவும் இணைத்த திரையில் வேறோர் அளவும் இருந்தன. இரண்டையும் 100% ஆக்கியபின் வரவில்லை. அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். புரொஜெக்டர் கம்பியைக் கழற்றிவிட்டு வெட்டுங்கள், பிறகு இணையுங்கள்.

காத்ர் போர்ன், மொரிஷியஸ்

என் பள்ளியில் இரண்டு திரையும் 100%தான். அங்கும் எனக்கு இடம் மாறித்தான் வந்தது, ஐயா.