கழிமுகமா, காளிமுகமா: இசைத்தொகுப்பின் பெயரில் ஓர் எழுத்து

உழவர்கரை ஒலி: "கடலூர் நண்பர் தம் ஐந்து பாடல் தொகுப்புக்குக் கழிமுகம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் Kalimugam என்றே வெளியிடட்டும். ழகரத்துக்கு zh போட்டால் ஒருவரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்."

கெடிலக்கரை: இதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொகுப்பின் முன்னோட்டத்தை நானும் கேட்டேன். பாடல் வரிகளே இல்லாத ஐந்து உருப்படிகள். மொத்தம் 24 நிமிடங்கள். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில் விடியற்காலையில் பதிவுசெய்த நீரோசையின் மீது ஒரே ஒரு கிட்டார் மெதுவாக நகர்கிறது. இதற்கு Kalimugam என்று பெயர் எழுதினால் என்ன நடக்கும்? தமிழர் கண்ணுக்கு அது காளிமுகம் ஆகிவிடும். ஆடி மாத அம்மன் பாடல் என்று நினைத்துத் தட்டுவார். வெளிநாட்டவர் கண்ணுக்கும் அது காளிதான், ஆனால் அவர் எதிர்பார்ப்பது இரைச்சலான மெட்டல் இசை. கருநீல அட்டைப்படமும் அந்த எண்ணத்தையே உறுதிப்படுத்தும். இருவரும் பத்து நொடியில் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பு கணக்கில் ஏறும் என்பதால், தவறான ஆட்களை அழைத்துவரும் பெயரால் எண்ணிக்கைகூட ஏறாது. ஆங்கிலத்தின் ஒற்றை l ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கிறது. Kali என்றால் கலியா, களியா, காளியா, கழியா என்று கேட்பவர் எப்படி அறிவார்? zh ஒன்றுதான் அந்தக் குழப்பத்தை வெட்டுகிறது.

உழவர்கரை ஒலி: என் ஊர்ப்பெயரையே பாருங்கள். உழவர்கரையைப் பிரெஞ்சுக்காரர்கள் Oulgaret என்று எழுதினார்கள். இன்றைக்கும் நகராட்சியின் ஆங்கிலப் பெயர் அதுதான். ழகரம் லகரமாகப் போனதால் எங்கள் ஊர் காணாமல் போகவில்லை, கடிதங்களும் வந்து சேருகின்றன. நம் மொழியின் பெயரையே உலகம் Tamil என்று l போட்டுத்தான் எழுதுகிறது. மக்கள் எப்படித் தட்டச்சு செய்கிறார்களோ அப்படித்தான் பெயர் இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் பத்துப் பேரிடம் கைபேசியைக் கொடுத்து மழை என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பாதிப்பேர் l போடுவார்கள்.

கெடிலக்கரை: அந்த மீதிப் பாதிப்பேர் zh போடுவார்கள் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஊர்ப்பெயருக்கு நூற்றாண்டுகளின் பழக்கமும் அரசுப் பலகையும் துணை நிற்கின்றன. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையில் யாருக்கும் தெரியாமல் வெளியாகும் தொகுப்புக்கு அதன் எழுத்தைத் தவிர வேறு துணை இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கும். பழகிய எழுத்தை மாற்றுவது கடினம் என்பதற்கு அது சான்று. புதிய பெயரைத் தொடக்கத்திலேயே தவறாக எழுதலாம் என்பதற்கு அது சான்று ஆகாது.

நெய்தல் வாசகன்: இருவருமே தவறு என்று பணிவுடன் சொல்கிறேன். ழகரத்துக்கு உலகத் தரம் ஒன்று இருக்கிறது: ḻ, அதாவது அடியில் கோடிட்ட l. ஐ.எஸ்.ஓ. 15919 முறையில் Kaḻimukam என்று எழுதினால் அறிஞர் உலகமும் ஏற்கும். அல்லது தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்துவிடலாம். ஆங்கில வடிவத்தைச் செயலிகள் தாமே காட்டிக்கொள்ளும்.

கெடிலக்கரை: நெய்தல் வாசகரே, அந்த எழுத்து சரியானதுதான், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் அதையே கையாள்கிறது. ஆனால் யுனிகோடில் அதை l என்ற எழுத்தாகவும் அடிக்கோடாகவும் பிரித்துவிடலாம். தேடுபொறிகள் பெரும்பாலும் கோட்டை உதிர்த்துவிட்டு வெறும் l ஆகவே அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே நீங்கள் அறியாமலேயே உழவர்கரை நண்பரின் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள்.

இரண்டாவதாகச் சொன்னதை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். செயலி தானாக ஒலிபெயர்த்துக் காட்டும் என்று இருந்துவிடக் கூடாது. பெயரை நாம்தான், பாட்டுகளைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தின் படிவத்தில் எழுதிக் கொடுக்கிறோம். நான் பயன்படுத்திய இரண்டு தளங்களில் ஒன்றில் மட்டுமே வேற்றுமொழி வடிவத்துக்குத் தனிக்கட்டம் இருந்தது. மற்றொன்றில் எழுதியது எதுவோ அதுவே எல்லா நாட்டிலும் தெரிந்தது. தமிழ் எழுத்தை மட்டும் கொடுத்தால் பழைய கார் ஒலிப்பெட்டிகளில் பெயருக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். தமிழில் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொகுப்பின் மூன்றாம் உருப்படிக்குக் "கோடைக் கானல்" என்று பெயர். கோ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சரிசெய்யாத தேடலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிவிடுபவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் பெயரை ஒரு நல்ல விசைப்பலகையில் புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்டுங்கள். பழைய கோப்பிலிருந்து நகலெடுக்காதீர்கள்.

முதுநகர் கானா: எங்களுக்கும் இதேதான் நடந்தது ஐயா. எங்கள் கானாக் குழுவின் பெயரிலேயே வடக்கே எங்கோ இன்னொரு குழு இருந்திருக்கிறது. எங்கள் முதல் பாட்டு வெளியான அன்று அது அவர்களுடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரில் எல்லோரும் எங்கே பாட்டு என்று கேட்டார்கள். அதைப் பிரித்து எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. ஆகவே குழுவுக்கு யாரும் வைக்காத பெயரை வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கெடிலக்கரை: முதுநகர் நண்பரே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இங்கே பேசுவது தொகுப்பின் பெயரை. குழுவின் பெயரை அன்று. குழுவின் பெயரை வைத்துத்தான் பாட்டு எந்தப் பக்கத்தில் சேரும் என்பது முடிவாகிறது. தொகுப்பின் பெயர் வேறொருவருடையதோடு ஒத்துப்போனாலும் பாட்டு இடம் மாறாது. முதன்முறை பதிவேற்றும்போது "இவர் புதிய கலைஞர்" என்ற தெரிவைக் குறிப்பிட்டிருந்தால், அல்லது கலைஞர் பக்கத்தின் அடையாள எண்ணைக் கொடுத்திருந்தால், உங்கள் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

முதுநகர் கானா: அந்தத் தெரிவை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. மேலும் கழி என்று கேட்டாலே உப்பனாற்றங்கரைக்காரனான எனக்குக் கழிவு என்றுதான் தோன்றுகிறது. நாங்கள் முகத்துவாரம் என்றுதான் சொல்லுவோம். படகில் போகும் ஒருவரும் கழிமுகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கெடிலக்கரை: கழியைக் கழிவு என்று படிப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. பிச்சாவரத்தில் நாம் படகேறுவது உப்பங்கழியில்தான். நெய்தல் திணைப் பாடல்களில் கானலும் கழியும் பிரியாமல் வருகின்றன. பொழுது சாயும் நேரத்து இரங்கலுக்கு உரிய நிலம் அது. இந்த இசையின் உணர்வும் அதுவே. அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஒரு மனநிலை இருப்பதால்தான் அதன் ழகரத்தைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

உழவர்கரை ஒலி: முதுநகர் நண்பர் தாம் அறியாமலே வழியைக் காட்டிவிட்டார். முகத்துவாரம் என்று வைத்தால் ழகரமே இல்லை. Mugathuvaram, சிக்கல் தீர்ந்தது. ஆனால் கெடிலக்கரையார் அதை ஏற்கமாட்டார், ஏனென்றால் அப்புறம் அவருக்கு zh பற்றிப் பேச இடமிருக்காது.

கெடிலக்கரை: ஏற்கமாட்டேன், காரணம் நீங்கள் சொல்வது இல்லை. முகத்துவாரம் துறைமுகப் பேச்சில் வாழும் நல்ல சொல். விசைப்படகும் மணல்திட்டும் அதில் தெரிகின்றன. தாளம் நிறைந்த தொகுப்புக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். இந்த அமைதிக்கு அது பொருந்தாது. தவிர, நான்கு முதல் ஆறு உருப்படிகளோடு 30 நிமிடத்துக்குள் அடங்கும் தொகுப்பு என்பதால், குறுந்தொகுப்பு என்று காட்ட ஆப்பிள் மியூசிக் பெயரின் பின்னால் தானே " - EP" என்று சேர்த்துக்கொள்ளும். நாமும் அதை எழுதிவைத்தால் இரண்டு முறை வரும், அல்லது திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீளமான பெயர்கள் கைபேசிப் பட்டியலில் பாதியில் புள்ளிகளாகிவிடும். Kazhimugam - EP என்பது அளவாக நிற்கிறது.

உழவர்கரை ஒலி: இவ்வளவு பேசும் கெடிலக்கரையார் இரண்டாண்டுக்கு முன் தம் சொந்தத் தொகுப்பின் பெயரில் l-ஐ zh ஆக மாற்றப் போய், அதுவரை சேர்ந்திருந்த கேட்புகளை எல்லாம் பூஜ்யமாக்கிக்கொண்டதை இந்தக் குழுவில் பலரும் அறிவார்கள். அப்போது நான் எச்சரித்தேன், கேட்கவில்லை.

கெடிலக்கரை: உண்மைதான், இழந்தேன். காரணம் zh அன்று. பெயரை மட்டும் திருத்தக் கேட்காமல் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவேற்றினேன். அப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. எண் விழுந்துவிட்டது. எண் மாறினால் அந்தத் தளத்தின் கண்ணுக்கு அது வேறு பாட்டு. பழைய எண்களையே கொடுத்திருந்தால் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். ஆகவேதான் வெளியாகும் முன்பே சரியான எழுத்தை முடிவுசெய்யச் சொல்கிறேன். முதலில் l போட்டது உங்கள் அறிவுரையால்தான் என்பதையும் அந்தப் பலர் அறிவார்கள்.

நெய்தல் வாசகன்: வகையையும் மனநிலையையும் பெயரே சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு ஏற்புடையதாக இல்லை. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் "அமைதி இசை" என்று சேர்த்தால் போதுமே.

கெடிலக்கரை: அப்படிச் சேர்த்தால் தேடலுக்காகப் பெயரில் சொற்களைத் திணித்ததாகக் கருதித் திருப்பி அனுப்புவார்கள். வகைக்குப் படிவத்தில் தனிக்கட்டம் இருக்கிறது. மனநிலையையும் இசைக்கருவியையும் ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில், ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டை முன்வைக்கும்போது தேர்ந்தெடுக்கலாம். அதை வெளியீட்டுக்கு ஏழு நாட்களாவது முன்னால் செய்துவிட வேண்டும்.

கழிமுகத்துக்காரர்: தொகுப்பு என்னுடையது. அட்டையில் தமிழில் மட்டும் எழுதியிருக்கிறேன்; படிவத்தில் நேற்று இரவே Kazhimugam என்று கொடுத்துவிட்டேன். வெளியீட்டுக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருக்கின்றன. என் அக்கா அதைப் பார்த்துவிட்டு, முகம் என்பதில் ஏன் k இல்லாமல் g போட்டாய் என்று கேட்கிறார்.

உழவர்கரை ஒலி: பதினாறு நாட்கள் இருக்கின்றனவே, l-ஆக மாற்றிவிடுங்கள். இப்போது மாற்றினால் எந்த எண்ணும் போகாது.

கெடிலக்கரை: மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பாட்டே கேட்டிராத ஒரு புதிய கணக்கில் Kali வரை மட்டும் தட்டி என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு Kazhi வரை தட்டுங்கள். நான் இன்று காலை பார்த்தேன். முதலாவதில் பக்திப் பாடல்கள் திரை முழுவதும் நின்றன; இரண்டாவதில் உங்களுக்கு இடம் காலியாக இருக்கிறது.

உழவர்கரை ஒலி: இடம் காலியாக இருப்பதற்குக் காரணம் அங்கே யாரும் தேடுவதில்லை என்பதுதான். முதலில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்.