மெயிலைத் திறந்த இரண்டாவது நிமிடம் ஏஜெண்டிடமிருந்து அழைப்பு

கவிதா, ஆயர் ஈத்தாம்
தஞ்சோங் தோக்கோங் பக்கம் வாடகைக்குக் கொண்டோ தேடுறேன். ஒரு வீட்டு ஏஜெண்ட் படங்களோட விவரம் அனுப்பியிருந்தார். நாலு நாள் திறக்கவே இல்லை. நேற்று இரவு 9.40க்கு சாம்சங் போன்ல ஜிமெயில் ஆப்பில் திறந்தேன். 9.42க்கு போன் வந்துடுச்சு. "பார்த்தாச்சு போல, எப்படி இருக்கு வீடு?"ன்னு கேட்டார். நான் பதிலே போடலையே, எப்படித் தெரிஞ்சது? என் தம்பிக்கும் அதே மெயில் வந்திருக்கு.

சரோஜா, பட்டர்வொர்த்
ரெண்டு நீல டிக் வந்திருக்கும்மா. அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டால் போதும். நான் அப்படித்தான் செய்தேன்.

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
அக்கா, அது வாட்ஸாப். மெயிலில் நீல டிக் கிடையாது. வாசித்ததற்கு ரசீது கேட்கிற வசதி மெயிலில் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போகும். கவிதாவுக்கு நடந்தது படம் வழியாக நடப்பது. மெயிலுக்குள் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும்:

```
<img src="https://img.example.com/o.gif?u=7f3a91c2" width="1" height="1">
```

ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம், நிறமே இல்லாத படம். கண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்தப் படம் மெயிலோடு வருவதில்லை, அனுப்பியவருடைய சர்வரில் இருக்கிறது. மெயிலைத் திறந்ததும் உங்கள் ஆப் அந்த முகவரிக்குப் போய் "o.gif கொடு" என்று கேட்கும். கேட்ட நொடியே சர்வரின் பதிவேட்டில் நேரம் விழுந்துவிடும். `u=` என்பதற்குப் பின்னால் இருப்பது கவிதாவுக்கு மட்டும் கொடுத்த எண். தம்பிக்கு வேறு எண். அதனால் யார் திறந்தார் என்றும் தெரிந்துவிடும்.

மெயிலோடு இணைப்பாகவே வருகிற படங்கள் (`cid:` என்று தொடங்குபவை) யாரையும் போய்க் கேட்பதில்லை. அவற்றால் பிரச்சினை இல்லை.

தினேஷ், செந்தூல்
ஜிமெயிலில் இது நடக்காதே? 2013 கடைசியிலிருந்தே கூகள் எல்லாப் படத்தையும் தன் சர்வர் வழியாகத்தான் வாங்குகிறது. அனுப்பியவருக்கு நம் ஐபி போகாது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை லா.

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
பாதி சரி தினேஷ். ஐபி மறைகிறது, அதனால் கவிதா பினாங்கில் இருக்கிறாரா கோலாலம்பூரில் இருக்கிறாரா என்று அதை வைத்து ஊகிக்க முடியாது. எந்தக் கருவி என்பதும் போகாது, கேட்டது GoogleImageProxy என்றுதான் பதிவாகும். ஆனால் அந்த `7f3a91c2` அப்படியே போகிறது, நேரமும் போகிறது. ஏஜெண்டுக்கு வேண்டியது அந்த இரண்டுமே. ஐபி அவருக்கு எதற்கு?

ஆப்பிள் மெயிலில் கதை வேறு. ஐஓஎஸ் 15இல் (2021) வந்த பாதுகாப்பைப் போட்டிருந்தால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை அதுவே பின்னணியில் வாங்கி வைத்துவிடும். அனுப்பியவர் பார்க்கும் "திறந்தார்" என்ற குறிக்கு அங்கே மதிப்பே இல்லாமல் போய்விடுகிறது.

கவிதா, ஆயர் ஈத்தாம்
அந்தப் படம் என் மெயிலில் உண்மையிலேயே இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
கணினியில் பிரவுசரைத் திறந்து பாருங்கள், போன் ஆப்பில் இதற்கு வழியில்லை. மெயிலின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் Show original. மெயிலின் மூல வடிவம் தனித் தாவலில் வரும். Ctrl+F அடித்து `<img` என்று தேடுங்கள். பல மெயில்களில் சமக்குறி `=3D` என்று எழுதப்பட்டிருக்கும். `width=3D"1"` என்று பார்த்தால் மிரளாதீர்கள், அது `width="1"` தான். நீண்ட முகவரி நடுவில் `=` போட்டு அடுத்த வரிக்கு உடைந்தும் இருக்கும்.

ஒரு புள்ளிப் படம் கிடைத்துவிட்டால் உடனே முடிவு கட்ட வேண்டாம். இடைவெளி விடுவதற்காகவும் அப்படிப் படம் வைப்பார்கள். இங்கேதான் தம்பி உதவுவார். அவருடைய மெயிலையும் இதே போல் திறந்து இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளிப் படமென்றால் இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். வேவுப் படமென்றால் கடைசி எண் மாறியிருக்கும். அளவை நம்ப வேண்டாம், அகலமே எழுதாமல் நிறுவனச் சின்னத்தின் படத்திலேயே எண்ணைச் சேர்த்து அனுப்புகிறவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் மாறுகிற எண்தான் அடையாளம்.

தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மேலே `Content-Transfer-Encoding: base64` இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளடக்கம் முழுக்கப் புரியாத எழுத்துக்கூட்டமாக இருக்கும், அதில் `<img` தேடிப் பயனில்லை. கிடைக்கவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கவிதா, ஆயர் ஈத்தாம்
பார்த்துட்டேன். மொத்தம் ஏழு படம். ஆறு ரெண்டு பேருக்கும் ஒன்னு. கடைசிப் படத்தில் மட்டும் கடைசி எட்டு எழுத்து வேற வேற!

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
அதேதான். கணினியில் ஜிமெயில் Settings, See all settings, General. அதில் Images என்ற இடத்தில் "Ask before displaying external images". தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கி Save Changes அழுத்த வேண்டும். அதை மறந்துவிட்டு, மாற்றியும் படம் வருகிறதே என்று கேட்பவர்கள் நிறைய. போன் ஆப்பிலும் கணக்கின் அமைப்புக்குள் Images இருக்கிறது, அங்கேயும் போய் ஒருமுறை சரிபாருங்கள்.

இனி மெயில் படம் இல்லாமல் திறக்கும். எழுத்தைப் படிக்கலாம், யாருக்கும் தகவல் போகாது. வீட்டுப் படம் பார்க்க வேண்டுமென்றால் "Display images below" அழுத்தலாம், ஆனால் அழுத்தியதும் அந்தக் கடைசிப் படமும் சேர்ந்தே வரும். ஆறை மட்டும் வரவழைத்து ஏழாவதை விட்டுவிட ஜிமெயிலில் வழியில்லை. பக்கத்திலேயே "Always display images from" என்று ஒன்று இருக்கும், அதை ஏஜெண்ட் விஷயத்தில் தொடாதீர்கள். ஒருமுறை அழுத்தினால் அவருடைய அடுத்த மெயில்கள் எல்லாம் கேட்காமலே படத்தை வாங்கிவிடும்.

சரோஜா, பட்டர்வொர்த்
என் மகன் கணினியில் தண்டர்பேர்ட் வைத்திருக்கிறான். அதில் எப்போதுமே மேலே ஒரு பட்டை வந்து, படத்தைத் தடுத்திருக்கிறேன் என்கிறது. கோளாறு என்று நினைத்தேன்!

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
கோளாறில்லை அக்கா, அதன் இயல்பே அப்படித்தான். அப்படியே விட்டுவிடுங்கள். தண்டர்பேர்டில் கூகள் மாதிரி நடுவில் யாரும் இல்லை. அந்தப் பட்டையில் அனுமதி கொடுத்தால் உங்கள் வீட்டு இணைய இணைப்பின் ஐபியும் நேராகப் போகும். ஜிமெயிலில் படம் காட்டுவதைவிட அது கூடுதல் விலை.

தினேஷ், செந்தூல்
சரி, ஐபி மட்டும்தான் முக்கியம் என்று நினைத்தது என் தப்பு. ஆனால் கவிதா, மெயிலில் தரைத்திட்டம் பார்க்க ஏதாவது லிங்க் அழுத்தினீர்களா?

கவிதா, ஆயர் ஈத்தாம்
ஆமா, திறந்த உடனே அழுத்தினேன். ஏன்?

தினேஷ், செந்தூல்
அந்த லிங்க்கிலும் எண் ஒட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் படத்தைத் தடுத்திருந்தாலும் அழுத்திய நொடியில் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் உங்களை அழைக்கக் காரணம் படமா லிங்க்கா என்று இப்போது சொல்ல முடியாது.

முரளி, பிரிக்ஃபீல்ட்ஸ்
நல்ல கேள்வி. லிங்க்கைப் படத்தடுப்பு தடுக்காது. தம்பியின் மெயிலில் அந்த லிங்க்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அழுத்தாமல்.

கவிதா, ஆயர் ஈத்தாம்
தம்பி வேலைக்குப் போயிட்டான். ராத்திரி வந்ததும் பார்த்துச் சொல்றேன். ஏஜெண்ட் இன்னைக்கு மூணாவது தடவையா கூப்பிடுறார்.