ஏஜிங் சார்ட்ல 90 நாள் பார் தப்பா உயருது, யாராவது வழி சொல்லுங்க

அண்ணாமாரே அக்காமாரே, ஹட்டன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு பாக்குறேன், நாங்க மூணு பேர்தான். கடன் பாக்கி எவ்வளவு நாளா நிக்குதுன்னு எக்ஸெல்ல சார்ட் போட்டிருக்கோம், 1-30, 31-60, 61-90, 90க்கு மேலன்னு. நாள் கணக்கு டியூ டேட்ல இருந்துதான், D2ல டியூ டேட், H1ல மாசக்கடைசி தேதி:

```
=MAX(0,$H$1-D2)
```

பிரச்சின என்னன்னா, ஒரு கஸ்டமரோட 85,000 ரூபா இன்வொய்ஸ் டியூ தாண்டி 97 நாள் ஆச்சு, அவர் போன வாரம் 60,000 பேங்க்ல போட்டாரு, எந்த இன்வொய்ஸுக்குன்னு சொல்லல, நாங்களும் பணம் வந்த தேதியிலயே மைனஸா பதிஞ்சிட்டோம். இப்ப 90க்கு மேல முழு 85,000 நிக்குது, 1-30ல மைனஸ் 60,000. மொத்தம் 25,000 சரியா வர்றதால ரெண்டு மாசமா இந்த மாதிரி கேஸ் எதுவும் கண்ணுல படல, 1-30 பார் கோட்டுக்குக் கீழ போனப்பதான் புரிஞ்சிச்சு. பாவம், காசு கட்டின மனுசனுக்கே கோல் எடுத்து கேட்டுட்டோம், மனசுக்கு கஷ்டமா போச்சு.

கஸ்டமர்கிட்ட கேக்காம பழைய இன்வொய்ஸ்ல இருந்து கழிக்க எனக்கு விருப்பமில்ல, ஏதாவது பில்லுல அவருக்கு தகராறு இருந்தா குழம்பிடும். பொருத்தாத பணத்த தனி பாரா காட்டலாமா? நீங்க எப்படி செய்றீங்க?