பொங்கல் வாரத்தில் காணாமல் போன ஏழு நாள்

வெண்ணாற்றங்கரை

எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பின் வரும் இன்டர்ன்ஷிப்பில், அதாவது ஹவுஸ் சர்ஜன் வருடத்தில், பட்டதை இந்தக் குழுவில் பகிரச் சொன்னார்கள். மற்றவர்கள் தூக்கமின்மையையும் சீஃபிடம் வாங்கிய திட்டையும் எழுதுவார்கள். என் கதை ஒரு தேதியைப் பற்றியது.

டெல்டாவில் ஓர் அரசுக் கல்லூரி. 2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமையோடு எனக்குக் குழந்தைகள் நலப் பிரிவில் மூன்று வாரம் முடிந்தது. மறுநாள் போகியன்று எலும்பு முறிவுப் பிரிவில் சேர வேண்டும். அங்கே மொத்தமே இரண்டு வாரம்தான், 26 வரை. காலை எட்டு மணிக்குப் போனேன். யூனிட் அசிஸ்டென்ட் சார் பெயரைக் குறித்துக்கொண்டு நைட் டூட்டி போட்டுவிட்டார். ஜாயினிங் ரிப்போர்ட்டில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தார். "வந்ததும் வாங்கிக்கலாம், நீ வார்டுக்குப் போ" என்றார்கள். போனேன்.

பண்டிகை வாரத்து எலும்பு வார்டைச் சொல்ல வேண்டியதில்லை. இரு சக்கர வண்டி விபத்துகள் ஒரு பக்கம். பொங்கலன்று இரவு, கழுவிவிட்ட வாசலில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த பாட்டி ஒருவர் வந்தார். மணிக்கட்டு முறிவு. முதுநிலை படிக்கும் பி.ஜி. டாக்டர் இழுத்துப் பொருத்த, மாவுக்கட்டு நான்தான் போட்டேன். உள்நோயாளிக்குத் தரும் ஐ.பி. எண்ணோடு, செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் அன்றே எழுதினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

20ஆம் தேதி திங்கட்கிழமை துறைத் தலைவர் வந்தார். ரிப்போர்ட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டார். நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பிப்ரவரியில் ஜனவரி மாத ஸ்டைபெண்ட் வந்தது. கொஞ்சம் குறைவாக இருந்தது. ஏதோ பிடித்தம் போல என்று விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். மார்ச் கடைசியில் நோ டியூவுக்காக அலுவலகம் போனபோதுதான் கிளார்க் அண்ணன் சொன்னார்: "தம்பி, 13லேருந்து 19 வரைக்கும் நீங்க எங்கேயுமே இல்லையே?"

கடைமடை டாக்டர்

ஒரு துறை 12ஆம் தேதி பிற்பகலில் விடுவித்தது, அடுத்த துறை 20ஆம் தேதி முற்பகலில் சேர்த்தது. நடுவில் உள்ள நாட்கள் எந்த ரிஜிஸ்டரிலும் வராது. வருகைப் பட்டியலை ஒவ்வொரு துறையும் தனக்கு உட்பட்ட நாட்களுக்கு மட்டும்தான் அனுப்பும். ஸ்டைபெண்ட் பில் போடுகிறவர் காலண்டர் மாதத்துக்குப் போடுவார். உங்கள் போஸ்டிங்கோ வாரக் கணக்கில் ஓடுகிறது. இரண்டையும் ஒட்டிப் பார்க்கும்போது இடைவெளி இருந்தால், 31 நாளில் 24 நாளுக்குத்தான் பணம் வரும். அவர் உங்களைத் தண்டிக்கவில்லை, கையில் இருக்கிற தாளைக் கூட்டினார், அவ்வளவுதான்.

நான் பத்து வருடத்துக்கு மேல் இதைப் பார்க்கிறேன். அனுமதித்த லீவு எடுத்தால் பணம் குறையாது. குறைந்தால், நீங்கள் லீவில் இருந்ததாக அல்ல, ஆளே வராததாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஸ்டைபெண்ட் குறைந்த மாதத்திலேயே போய்க் கேட்க வேண்டும். அப்போது டூட்டி லிஸ்ட் கிழியாமல் இருக்கும், அசிஸ்டென்ட்டுக்கு உங்கள் முகமும் நினைவிருக்கும். நீங்கள் லீவு எத்தனை எடுத்திருந்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை

பதினொன்று, சார். அக்கா கல்யாணத்துக்கு நாலு, டெங்குவுக்கு ஏழு.

ஸ்டெத்தும் சுக்குக்காப்பியும்

ஐயோ! 11 + 7 = 18. வருடத்துக்கு 15தான். அதைத் தாண்டினால் முழு இன்டர்ன்ஷிப்பையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று எங்கள் சீனியர் சொன்னார். அதோடு நீட் பி.ஜி.யும் போச்சு!

கடைமடை டாக்டர்

பயமுறுத்தாதீர்கள். 15 நாள் கணக்குச் சரி, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறையில் அதுதான் இருக்கிறது. ஆனால் தாண்டினால் அத்தனையையும் திரும்பச் செய்வதில்லை, தாண்டிய நாட்களுக்கு எக்ஸ்டென்ஷன். எந்தத் துறையில் குறைந்ததோ அங்கே செய்ய வேண்டும். முழுப் போஸ்டிங்கையும் திரும்பச் செய்வது, அந்தத் துறை 'திருப்தியில்லை' என்று மதிப்பிட்டால் வருவது. உங்கள் சீனியர் இரண்டையும் குழப்பியிருப்பார். நீட் பி.ஜி. 2025க்கு இன்டர்ன்ஷிப் ஜூலை 31க்குள் முடிந்தால் போதும் என்றிருந்தார்கள். மார்ச், ஏப்ரலில் முடிக்கிறவருக்கு மூன்று நாள் ஒரு பொருட்டே அல்ல. வேறு காரணங்களால் ஏற்கெனவே தள்ளிப்போய் ஜூலையில் முடிக்கிறவராக இருந்தால் அதே மூன்று நாள் ஒரு வருடத்தைச் சாப்பிட்டுவிடும்.

மன்னார்குடி அப்பா

டாக்டர்களுக்கு வணக்கம். என் மகன் ஜார்ஜியாவில் மருத்துவம் படித்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பாஸ் செய்திருக்கிறான். இங்கே இன்டர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கிறான். அவனுக்கும் லாக் புக் அங்கிருந்து வாங்கி வர வேண்டுமா? ஸ்டைபெண்ட் உண்டா?

கடைமடை டாக்டர்

அப்பா, இங்கே பேசுவது வேறு. இருந்தாலும் சொல்கிறேன். லாக் புக் இங்கே சேர்கிற கல்லூரியில் தருவார்கள். எந்தக் கல்லூரி என்பது மாநில மருத்துவக் கவுன்சில் வழியாக வரும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் இங்கே படித்தவர்களுக்குச் சமமாக ஸ்டைபெண்ட் தர வேண்டும் என்று 2022 மார்ச்சில் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. கைக்கு வருகிறதா என்பதைச் சேர்ந்த பிறகு முதல் மாதமே பாருங்கள்.

வேதாரண்யம் பக்கம்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 2018 நவம்பர் 16 கஜா புயல் கரையேறிய அன்று நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய போஸ்டிங்கில் இருந்தேன். தென்னைமரம் விழுந்து சாலையே இல்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மழையில் ஊறி, மை கரைந்து, ஒரு நீலப் பக்கமாகிவிட்டது. அதன் பிறகு வந்த நாட்களில் முகாம் முகாமாக அலைந்தோம். யார் கையெழுத்துப் போட்டார்கள்! திரும்பி வந்தபோது துறையில் "வருகைச் சான்று எங்கே?" என்றார்கள். எங்கள் மெடிக்கல் ஆபீசர் மேடம் முகாம் நடந்த இடங்களையும் தேதிகளையும் வரிசையாக எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அந்த ஒரே தாளை ஏற்றுக்கொண்டார்கள். யார் ஒருவர் நாள் வாரியாக எழுதிப் பொறுப்பேற்கிறாரோ அவர் தாள்தான் செல்லும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. "அவன் நல்லாத்தான் வேலை பார்த்தான்" என்ற பொதுவான சான்றுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

பட்டுக்கோட்டை பையன்

நான் படித்தது வெளியே ஒரு தனியார் கல்லூரி. ஸ்டைபெண்ட் கணக்கில் வந்து விழும். அதே வாரம் 'கட்டணம்' என்று பெரும்பகுதியைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். லாக் புக் கையெழுத்து அவர்கள் கையில் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. ஏழு நாள் பணத்துக்கு நீங்கள் எல்லாம் சண்டை போட முடிகிறதே என்று பொறாமையாக இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை

கதையை முடிக்கிறேன். கிளார்க் அண்ணன் நல்ல மனிதர். "பாக்கி நாலு லீவு இருக்கு. அதுல நாலு நாளைக் கழிச்சிடலாம். மூணு நாள் எக்ஸ்டென்ஷன் பார்த்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சுது" என்றார். அறையிலிருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். மூன்று நாள்தானே! ஆனால் ஒத்துக்கொண்டால் நான் அந்த வாரம் வரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகும். மாவுக்கட்டுப் போட்டது யார் அப்புறம்?

லாக் புக்கை எடுத்தேன். 13, 14, 16, 17, 18 ஆகிய நாட்களில் என் பதிவுகள் இருந்தன. ஐ.பி. எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய், கேஸ் ஷீட்டுகளை எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் காத்திருந்தேன். பாட்டியின் ஷீட்டில் இரவு 11.40க்கு என் கையெழுத்தில் குறிப்பு, கீழே பி.ஜி.யின் கையெழுத்து. அசிஸ்டென்ட் சார் போட்ட டூட்டி லிஸ்ட்டின் போட்டோ, உடன் இருந்த நண்பனின் போனில் இருந்தது. இத்தனையையும் சேர்த்து, துறைத் தலைவர் வழியாக டீனுக்கு மனு. துறைத் தலைவர் ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டினார். "நீ கொடுத்த அன்னிக்குத் தேதியைப் போட்டு நான் கையெழுத்துப் போட்டேன், சேர்ந்த தேதியை நீ எழுதாம விட்டே" என்றார். பார்த்தால் உண்மைதான். 'சேர்ந்த நாள்' என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். '13.01.2025 முற்பகல் முதல் பணியில் இருந்தார்' என்று எழுதிக் கொடுத்தார்.

19 ஞாயிறு, எனக்கு டூட்டி ஆஃப். டூட்டி லிஸ்ட்டிலேயே இருந்ததால் பிரச்சினை இல்லை. 15ஆம் தேதிதான் பாக்கி. எனக்கு அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஏனென்றால் அன்று மாட்டுப் பொங்கல், நான் சொல்லாமல் பாபநாசத்துக்கு ஓடிப்போய்விட்டேன். அந்த நாளை லீவாகப் போடச் சொன்னேன். பன்னிரண்டாவது லீவு. எக்ஸ்டென்ஷன் இல்லை. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் குறித்த தேதியிலேயே வந்தது, அதை வைத்து மாநிலக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்தேன்.

ஸ்டெத்தும் சுக்குக்காப்பியும்

எங்கள் பேட்சில் லாக் புக்கை யாரும் அன்றன்று எழுதுவதில்லை. கடைசி வாரத்தில் விடுதியில் உட்கார்ந்து ஒருவர் படிக்க, நாலு பேர் எழுதுவோம். எல்லோருக்கும் அதே பிரசவம், அதே தையல். இப்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

கடைமடை டாக்டர்

கலக்கட்டும். கையெழுத்துப் போடுகிற எங்களுக்கும் அது தெரியும். ஒரே பேனா, ஒரே மை, ஆறு வாரத்துப் பதிவில் ஓர் அடித்தல்கூட இருக்காது. நான் ஏதாவது ஓர் ஐ.பி. எண்ணைத் தொட்டு "இந்த நோயாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பேன். எழுதியவன் தடுமாறினாலும் ஏதாவது சொல்வான். காப்பியடித்தவன் என் முகத்தைப் பார்ப்பான். ஆனால் ஒன்று, அத்தனை பேரையும் கேட்க எனக்கும் நேரம் கிடைப்பதில்லை. யூனிட் சீஃப் இடமாறுதலில் போகிற மாதத்தில் ஒரு மூட்டை லாக் புக் மேசைக்கு வரும், கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்களும் உண்டு. நானும் போட்டிருக்கிறேன்.

வேதாரண்யம் பக்கம்

தம்பி, அந்தப் பிடித்த ஸ்டைபெண்ட் வந்ததா?

வெண்ணாற்றங்கரை

இல்லை அக்கா. ஆறு நாளுக்கான தொகை நிலுவைப் பட்டியலில் இருக்கிறதாம். ஏழாவது நாளையும் லீவாகப் போட்டுவிட்டதால் அதற்கும் பணம் உண்டு என்று நான் சொல்கிறேன். பின்னால் போட்ட லீவுக்கு வராது என்று கிளார்க் அண்ணன் சொல்கிறார். போன வாரம்கூடப் போனேன், அவர் லீவு.