உடைந்தது – உடைத்தது ஜோடி கார்டுகள்: தள்ளிப் பார்க்கும்போது சரி, எழுதும்போது தப்பு

எழுத்தாணி

வணக்கம். பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப்பேர் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள், மீதிப்பேர் புதிதாகத் தொடங்கியவர்கள். வினைச்சொல் ஜோடிகளைக் கற்றுக்கொடுக்க, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற மாதிரி ஒரு கேரசல் செய்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஸ்லைடு. மேலே பெரிய எழுத்தில் வேர்ச்சொல், கீழே ஒரு வாக்கியம்.

உடை: கண்ணாடி உடைந்தது. → பையன் கண்ணாடியை உடைத்தான்.
அணை: விளக்கு அணைந்தது. → அம்மா விளக்கை அணைத்தார்.
நனை: துணி நனைந்தது. → பாட்டி துணியை நனைத்தார்.
முடி: வேலை முடிந்தது. → நான் வேலையை முடித்தேன்.

வகுப்பில் எல்லாரும் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பத்தி எழுதச் சொன்னால் இப்படி வருகிறது:

"தம்பி மழையில் நனைத்தான்."
"நான் போன வருடம் கல்லூரியில் சேர்த்தேன்."
"காற்று ஜன்னலை உடைந்தது."

ஜோடிகளை இன்னும் கூட்ட வேண்டுமா? இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தால் மனதில் நிற்குமா? எங்கே கோளாறு என்றே பிடிபடவில்லை.

கடலோரம்

இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. வாக்கியத்தில் "ஐ" வந்தால் த்த, வராவிட்டால் ந்த. கண்ணாடியை உடைத்தான், கண்ணாடி உடைந்தது. இதை முதல் ஸ்லைடிலேயே எழுதிவிட்டு ஜோடிகளுக்குப் போங்கள். என் மாணவர்களுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பனித்துளி

நானும் ஜோடி கார்டுதான் செய்துகொண்டிருக்கிறேன், என் பெண்ணுக்கு. பல்லி – பள்ளி, வலி – வழி, மனம் – மணம். படிக்கும்போது சரியாகப் படிக்கிறாள், சொல்லி எழுதச் சொன்னால் எல்லாம் ஒரே லகரமாகிவிடுகிறது. நீங்கள் படம் போட்டீர்களா, வெறும் எழுத்தா?

வேர்ச்சொல்

பனித்துளி, உங்களுடையது காது சம்பந்தப்பட்ட பிரச்சினை. அந்த ஜோடிக்குக் கார்டில் ஒலி இருக்க வேண்டும். கேட்டுவிட்டு எந்தப் படம் என்று தொட வேண்டும். எழுத்தை எத்தனை முறை காட்டினாலும் காது பழகாது. தனியாகக் கேளுங்கள், விரிவாகப் பேசலாம்.

எழுத்தாணி, உங்கள் மாணவர்கள் எழுதிய மூன்று தவறுகளையும் நீங்கள் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. கோளாறு அவற்றிலேயே தெரிகிறது. மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. "தம்பி", "நான்" என்று ஆள் எழுவாயாக வந்த இடத்தில் த்த போட்டிருக்கிறார்கள். "காற்று" என்று பொருள் எழுவாயாக வந்த இடத்தில் ந்த போட்டிருக்கிறார்கள். இது குழப்பமில்லை, ஒரு விதி. அந்த விதியை உங்கள் கார்டுகளே கற்றுக்கொடுத்திருக்கின்றன.

உங்கள் நான்கு ஜோடிகளையும் திரும்பப் பாருங்கள். ந்த வருகிற வாக்கியத்தில் கண்ணாடி, விளக்கு, துணி, வேலை. த்த வருகிற வாக்கியத்தில் பையன், அம்மா, பாட்டி, நான். வினையைப் பார்க்காமலே, முதல் சொல்லை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடலாம். அதுவும் போதாதென்று வரிசை மாறவே இல்லை. முதல் ஸ்லைடு எப்போதும் தானாக நடப்பது, இரண்டாவது எப்போதும் ஒருவர் செய்வது. கை தள்ளும்போதே வாய் சொல்லிவிடும். பத்தி எழுதும்போது அந்த வரிசை இல்லை, மனிதர்களும் மழையில் நனைகிறார்கள், கல்லூரியில் சேர்கிறார்கள்.

நிறம் கொடுத்தால் இன்னொரு குறுக்குவழிதான் சேரும். எண்ணிக்கையைக் கூட்டினால் இதே தவறு இன்னும் உறுதிப்படும். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

எழுத்தாணி

ஆமாம், நான் கவனிக்கவே இல்லாத விஷயம் இது. சரி, வாக்கியங்களை எப்படி மாற்றுவது? ஒரு ஜோடியை முழுக்கச் செய்து காட்ட முடியுமா?

வேர்ச்சொல்

"மறை"யை எடுத்துக்கொள்வோம், இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஒரு ஜோடிக்கு இரண்டு வாக்கியம் போதாது, நான்கு வேண்டும். ஆள் தானாக மறைவது, ஆள் ஒன்றை மறைப்பது, பொருள் தானாக மறைவது, பொருள் ஒன்றை மறைப்பது.

போலீசைக் கண்டதும் திருடன் கூட்டத்தில் ______. (மறைந்தான்)
திருடன் நகையைச் சட்டைக்குள் ______. (மறைத்தான்)
நிலா மேகத்துக்குள் ______. (மறைந்தது)
மேகம் நிலாவை ______. (மறைத்தது)

முதல் இரண்டிலும் விகுதி "ஆன்". அடுத்த இரண்டிலும் "அது". ஆகவே எழுவாயோ விகுதியோ காட்டிக்கொடுக்காது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று வாக்கியத்தைப் புரிந்துகொண்டால்தான் கோட்டை நிரப்ப முடியும். கோடு ஒரு ஸ்லைடில், விடை அடுத்த ஸ்லைடில். விடை முன்னாலேயே கண்ணில் பட்டால் அது வாசிப்பாகிவிடும், பயிற்சியாகாது. பிறகு நான்கையும் கலைத்துவிடுங்கள், வேறு ஜோடிகளின் வாக்கியங்களை இடையில் செருகுங்கள். அடுத்தது எது என்று யூகிக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

எல்லா வினைக்கும் நான்கு வாக்கியம் அமையாது. "நான் முடிந்தேன்" என்று சொல்ல மாட்டோம் இல்லையா. அதனால் தொடக்கத்தில் நனை, மறை, வளர், சேர், அசை, பிரி ஆகியவற்றை எடுங்கள். இவற்றில் ஆளும் வரும், பொருளும் வரும். உடை, முடி, அணை எல்லாம் அப்புறம்.

இன்னொன்று. மேலே பெரிய எழுத்தில் "மறை" என்று போடாதீர்கள். இந்த வகையில் இரண்டு வினைக்கும் வேர் ஒன்றுதான், அதைப் பார்த்து எதையும் பிரித்தறிய முடியாது. திரும்பு – திருப்பு, ஓடு – ஓட்டு மாதிரி ஜோடிகளில் வேரே மாறிவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இங்கே தலைப்பாக "மறைய" என்றோ "மறைக்க" என்றோ போடுங்கள். மறைய என்றால் மறைந்தது, மறைகிறது, மறையும். மறைக்க என்றால் மறைத்தது, மறைக்கிறது, மறைக்கும். அந்த ஒரு சொல் மூன்று காலத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். சேர – சேர்க்க, வளர – வளர்க்க என்று எல்லாம் இதே போல்தான்.

கடலோரம்

நான் சொன்ன ஐ விதியும் இதையேதான் சொல்கிறது, சுருக்கமாக. மேகம் நிலாவை மறைத்தது: ஐ இருக்கிறது, த்த வந்தது. இவ்வளவு சுற்ற வேண்டுமா?

வேர்ச்சொல்

பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி, அதை நான் மறுக்கவில்லை. "காற்று ஜன்னலை உடைந்தது" என்று எழுதியவருக்கு அது உடனே உதவும். ஆனால் முதல் ஸ்லைடில் சட்டமாக எழுதினால் சில இடத்தில் காலை வாரும். "அவர் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர்" என்பதில் ஐ இருக்கிறது, ந்ததான் வருகிறது. "ஊரை விட்டு மறைந்தான்" என்பதிலும் அப்படியே, அங்கே ஐ "விட்டு"க்கு உரியது. "என்னைத் திரும்பிப் பார்த்தாள்" என்ற வாக்கியத்தில் ஐ பார்த்தாளுக்குச் சொந்தம், திரும்பியதற்கு அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: "பையன் கண்ணாடி உடைச்சிட்டான்" என்று பேசும்போது ஐ விழுந்துவிடுகிறது.

ஆகவே ஐ எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, அது எந்த வினையோடு ஒட்டியிருக்கிறது என்று கேட்கப் பழக்குவது நல்லது. நான்கு வாக்கியம் பழகிய பிறகு இந்த மாதிரி வாக்கியங்களைச் சேர்த்தால் போதும்.

திண்ணைவாசி

நான் சொல்லிக்கொடுப்பவன் இல்லை, கற்றுக்கொள்கிற பக்கம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், எழுதப் பழகுவது இப்போதுதான். எனக்கு ந்த, த்த என்று சொன்னால் ஒன்றும் ஓடாது. ஆனால் "ஒடைஞ்சுது", "ஒடைச்சான்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் தப்பே வராது. "நான் மழையில நனைச்சேன்" என்று யாராவது சொன்னால் காதிலேயே உறுத்துகிறது. ஞ்ச வந்தால் ந்த, ச்ச வந்தால் த்த என்று எழுதிவிடுவேன்.

வேர்ச்சொல்

அருமையான சோதனை, எழுத்தாணியின் மாணவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும். உடை, மறை, நனை, முடி, பிரி போல ஐகாரத்திலோ இகரத்திலோ முடிகிறவற்றில் ஞ்ச, ச்ச ஒலி வரும். சேர், வளர் இரண்டிலும் சேந்தான், சேத்தான், வளந்தான், வளத்தான் என்றுதான் பேச்சிலும் இருக்கும். அங்கேயும் காது சொல்லும், ஒலி வேறு, அவ்வளவுதான். விடை ஸ்லைடில் எழுத்துத் தமிழுக்குக் கீழே பேச்சு வடிவத்தைச் சின்னதாகப் போடலாம். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள், அவர்களுக்கு அது மனப்பாடம் செய்ய இன்னொரு சுமை.

நெல்மணி

ஒரு மாற்றுக்கருத்து. ஜோடியை ஒரே நாளில் கற்றுக்கொடுப்பதே தவறு என்று நினைக்கிறேன். பொருளால் நெருங்கிய புதுச்சொற்களைச் சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று மோதி மெதுவாகும் என்று 1990களில் டிங்கம், வாரிங் செய்த ஆய்வுகள் காட்டின. முதல் வாரம் "நனைந்தேன்" மட்டும், அது பதிந்த பிறகு "நனைத்தேன்" என்று பிரித்துக் கொடுங்கள்.

வேர்ச்சொல்

அந்த ஆய்வுகள் புதுச்சொற்களின் பொருளைப் பற்றியவை. இங்கே சொல் ஒன்றே, வடிவம்தான் மாறுகிறது. அந்த முடிவு இதற்கும் அப்படியே பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நீங்கள் சொல்வதுபோல் பிரிப்பது நல்லது என்றே எனக்கும் படுகிறது. வீட்டில் பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஏற்கெனவே காதில் இருக்கிறது, பிரித்து வைத்து என்ன பயன்?

நெல்மணி

எழுதும்போது காதில் இருப்பது வரவில்லை என்பதுதானே எழுத்தாணியின் புகாரே. நான் எல்லாருக்குமே பிரித்துத்தான் கொடுப்பேன்.

எழுத்தாணி

நனை, மறை, சேர் மூன்றுக்கும் நான்கு நான்கு வாக்கியம் எழுதி, கலைத்து, நேற்று வகுப்பில் கொடுத்தேன். முதல் சுற்றில் நிறையத் தப்பு, முன்பைவிட மெதுவாகச் சொன்னார்கள். ஆனால் கோட்டுக்கு முன்னால் நின்று "யார் யாரை?" என்று யோசிப்பது தெரிந்தது. வீட்டில் பேசுகிறவர்கள் திண்ணைவாசி சொன்ன வழியை உடனே பிடித்துக்கொண்டார்கள். புதியவர்களுக்கு அடுத்த வாரம் நெல்மணி சொன்னபடி பிரித்துக் கொடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு புதுச்சிக்கல். ஒருவர் "நடந்து நடந்து களைந்தேன்" என்று எழுதியிருக்கிறார். யாரையும் எதுவும் செய்யவில்லை, ஆகவே ந்த என்கிறார். என்ன பதில் சொல்வது?

வேர்ச்சொல்

அவர் யோசித்த முறை சரி. ஆனால் களைப்படைவதற்கு ஜோடி கிடையாது. களைத்தேன், சிரித்தேன், பிழைத்தேன் எல்லாம் தானாக நடந்தாலும் த்ததான். மறுபக்கம் அளந்தேன், அறிந்தேன் இரண்டும் ஐ வாங்கிக்கொண்டும் ந்ததான். நடக்க, இருக்க இரண்டிலும் க்க இருந்தும் நடந்தேன், இருந்தேன் என்று வரும். நாம் பேசியதெல்லாம் ஒரே வேரிலிருந்து இரண்டு வினை கிளைக்கிற இடத்துக்கு மட்டும்.

இதை விதியாகக் கார்டில் எழுதாதீர்கள். கலைத்த கட்டுக்குள் "களைக்க", "சிரிக்க" என்று இரண்டு மூன்று ஒற்றை வினைகளையும் கோட்டோடு போட்டுவையுங்கள். விடை ஸ்லைடில் "இதற்கு ஜோடி இல்லை" என்ற ஒரு வரி இருந்தால் போதும்.