குழு வட்டியைப் பிரிப்பதில் சந்தேகம்: 1,200 ரூபாய் கட்டிய எல்லாருக்கும் ஒரே பங்கா?

கேள்வி (குழு ஊக்குநர்)
எங்கள் மகளிர் குழு போன ஏப்ரலில் தொடங்கியது. மொத்தம் 12 பேர். எட்டுப் பேர் மாதம் 200 ரூபாய் கட்டுகிறார்கள், இரண்டு பேரால் 100தான் முடிகிறது. மீதி இரண்டு பேர் அக்டோபரில் சேர்ந்து 200 கட்டுகிறார்கள். கூட்டம் மாதா மாதம் 5ஆம் தேதி. உள்கடன் இரண்டு வட்டிக்குக் கொடுக்கிறோம். மார்ச் முடிய, செலவு போக 2,232 ரூபாய் வட்டி நிற்கிறது. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 186. அரை வருடம் கட்டியவர்களுக்கும் அதேவா என்று சிலருக்கு வருத்தம். எப்படிப் பிரிப்பது?

செல்வி_தேனி
சுலபம் அக்கா. மொத்தச் சேமிப்பு 24,000. அந்த விகிதத்தில் கொடுங்கள். 2,400 கட்டியவருக்கு 223.20, 1,200 கட்டியவருக்கு 111.60.

கேட்டவர்
100 கட்டியவரும் அக்டோபரில் வந்தவரும் ஆளுக்கு 1,200தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் முன்னவர் பணம் ஏப்ரலிலிருந்தே கடனில் ஓடியதே?

கணக்கர்_25வருடம்
நீங்கள் நினைப்பதுதான் சரி. ஒவ்வொருவருக்கும் மாதக் கடைசி இருப்பை எழுதி, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டுங்கள். 200 கட்டியவருக்கு 200, 400, 600 என்று ஏறி 2,400 வரை போகும். கூட்டினால் 15,600. 100 கட்டியவருக்கு 7,800. அக்டோபரில் வந்தவருக்கு ஆறு மாதம்தான், 4,200.

பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 1,48,800. வட்டியை இதால் வகுத்தால் ஒன்றரைக் காசு. அதனால் பங்கு 234, 117, 63. ஒரே 1,200 கட்டியவர்களுக்குள் 54 ரூபாய் வித்தியாசம் வருகிறது பாருங்கள். எல்லாப் பங்கையும் திரும்பக் கூட்டி 2,232 வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, பாக்கி நிற்கும் வட்டியைச் சேர்க்காதீர்கள். கைக்கு வந்ததை மட்டும் பிரியுங்கள். அடுத்த வருடம் பழைய சேமிப்பும் ஏப்ரல் இருப்பிலிருந்தே கணக்கில் வரும், மறக்க வேண்டாம்.

மல்லிகா_கரூர்
எங்கள் குழுவில் வேறு தகராறு. அதிகம் கடன் வாங்கியவர், "வட்டி கட்டினதே நான்தான், எனக்குத்தான் அதிகம் வரணும்" என்கிறார்.

கணக்கர்_25வருடம்
மற்றவர்கள் பணத்தைப் பயன்படுத்தியதற்குத்தான் அவர் வட்டி கட்டினார். பங்கு, சேமிப்புக்குத்தான். கடன் வாங்கியவருக்கும் சிறிது தள்ளிக் கொடுக்கும் குழுக்கள் உண்டு. அப்படியானால் வருட ஆரம்பத்திலேயே பேசித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும்.

கேட்டவர்
புரிந்தது, நன்றி அண்ணா. ஒரு சின்னச் சிக்கல். 200 கட்டும் ஒருவர் பிரசவத்துக்குப் போனதால் ஆகஸ்ட் பணத்தைச் செப்டம்பரில் சேர்த்துக் கட்டினார்.

கணக்கர்_25வருடம்
ஆகஸ்ட் இருப்பில் மட்டும் 200 குறையும். பங்கில் கிட்டத்தட்ட மூன்று ரூபாய் போகும்.

செல்வி_தேனி
பிரசவத்துக்குப் போனவரிடம் அதைப் பிடிக்க வேண்டுமா?

கேட்டவர்
எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் விட்டால் நாளை எல்லாரும் கேட்பார்கள். 5ஆம் தேதி கூட்டத்தில் வைக்கிறேன்.