மறு: ஆண்டு விழாக் காணொளி – டீச்சரக்கா பேசும் பகுதி

அனைவருக்கும் வணக்கம். விடுமுறையில் என் அத்தை டீச்சரக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நம் பழைய ஆண்டு விழாக் காணொளியில் தான் இருக்க வேண்டாம் என்கிறார். காரணத்தைச் சொன்னார், இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னார். தயவுசெய்து யாரும் அவரை அழைத்து விசாரிக்காதீர்கள். எடிட்டர் வைக்க வேண்டுமென்றால் சங்க நிதியிலிருந்து தர முடியுமா?
– அவர் அண்ணன் மகள்

*

அம்மா, அந்தக் காணொளியால்தான் நம் சங்கத்தை நாலு பேருக்குத் தெரிகிறது. பார்வைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அன்று மனதாரச் சம்மதித்துத்தானே மேடை ஏறினார்? அழிக்க நான் ஒப்ப மாட்டேன்.
– முன்னாள் தலைவர்

*

அழிக்கவே வேண்டாம் ஐயா. யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்த இரண்டரை நிமிடத்தை வெட்டிச் சேமித்தால் இணைப்பும் பார்வைகளும் அப்படியே இருக்கும். இல்லையென்றால் பிரைவேட்டில் போட்டுவிடலாம். செலவே இல்லை.
– இணைச் செயலாளர்

*

அண்ணன் சொல்வது சின்ன காணொளிக்குச் சரி. லட்சம் பார்வை தாண்டியதில், நம்மைப் போல வருமானத் திட்டத்தில் சேராத சேனலுக்கு, முகத்தை மங்கலாக்குவது தவிர வேறு மாற்றத்தைச் சேமிக்க விடாது. மங்கலாக்கினால் போதுமா? அவர் குரல் இருக்கும், அறிவிப்பாளர் பெயர் சொல்லி அழைப்பதும் இருக்கும். தெரிந்தவர்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். தெரியாதவர்கள் ‘யார் இது, ஏன் மறைத்தார்கள்’ என்று கேட்பார்கள்.

பிரைவேட் இன்றைக்கு உதவும், அதனால் காலையிலேயே மாற்றிவிட்டேன். ஆனால் அதோடு விட முடியாது. அவரே யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுத்தால் பொதுவாக நமக்கு 48 மணி நேரம் தருவார்கள். அப்போது பிரைவேட்டில் வைத்திருப்பதைத் தீர்வாக ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொதுவாக்கிவிடலாம்.

ஆகவே புதிதாகத் தொகுத்து வேறு காணொளியாக ஏற்ற வேண்டும். பழைய பார்வைகள் போகும், அதை மறைக்க விரும்பவில்லை. முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்தேன். அக்கா பேசுவது 12:40 முதல் 15:10 வரை. அடுத்துப் பேசுபவர் "டீச்சரக்கா சொன்ன மாதிரி" என்றுதான் தொடங்குகிறார், அதனால் 15:25 வரை வெட்ட வேண்டும். இரு பேச்சுகளும் மோதாமல் இருக்க நடுவில் பார்வையாளர்கள் கைதட்டும் காட்சியை அதன் ஒலியோடு வைக்கலாம். 21:05இல் வரும் குழுப் படத்தில் அக்கா இடது ஓரத்தில் நிற்கிறார். அங்கே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வலப்பக்கத்தைக் காட்டினால் அவர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார், மங்கலாக்கிய அடையாளமும் தெரியாது. கைதட்டல் காட்சியின் நீளத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 2:45 குறைவதால் விவரக்குறிப்பில் அந்த இடம் 18:20 என்று மாறும்; சேர்த்தால் அந்த அளவு கூடும். பின்னால் வரும் எல்லா நேரக்குறிகளையும் அப்படியே திருத்த வேண்டும். முகப்புப் படத்திலும் வசனவரியிலும் அவர் இருக்கிறார், அவையும் மாற வேண்டும்.

பொதுவில் விடுமுன் பிரைவேட்டாகவே அக்காவின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுத்துக் காட்டுவோம். ‘கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது’ என்று எங்கேயும் எழுதக் கூடாது, அது அவர் பக்கமே விரல் நீட்டும். பழையதை அழிப்பது கடைசியில்தான். ஸ்டூடியோவிலிருந்து இறக்கினால் 720பி தரத்துக்கு மேல் வராது, அதனால் மூலப் பதிவு யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.
– சேனல் பார்க்கும் தம்பி

*

மூலப் பதிவு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். வன்வட்டு வாங்கியதற்கு ரசீது இன்றுவரை என் கைக்கு வரவில்லை. அந்தக் கணக்கு முடியாமல் எடிட்டருக்கென்று புதிதாக வசூல் செய்ய நான் கையெழுத்துப் போட மாட்டேன்.
– பொருளாளர்

*

வன்வட்டு என்னிடம்தான் இருக்கிறது. ரசீதை அன்றே தலைவர் கையில் கொடுத்தேன். என் அப்பாவின் வாழ்த்துரையை நேரம் போதவில்லை என்று முழுசாக வெட்டினீர்கள், அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா? டீச்சரக்காவுக்கு மட்டும் இவ்வளவு மரியாதையா?
– படம் எடுத்தவன்

*

அண்ணா, அப்பாவுக்கு நடந்தது தவறுதான். அவரிடமும் கேட்டிருக்க வேண்டும். புதிய தொகுப்பில் இரண்டே முக்கால் நிமிடம் மிச்சமாகிறதே, அப்பாவின் வாழ்த்துரை அந்த வட்டில் இருந்தால் அங்கே வைக்கலாமா? அவருக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். எடிட்டர் வேண்டாம், நானே தொகுக்கிறேன்.
– சேனல் பார்க்கும் தம்பி

*

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். வட்டை அனுப்புகிறேன்.
– படம் எடுத்தவன்

*

நன்றி அண்ணா. இன்னொன்று. அத்தை பேசும் பகுதியை மட்டும் வெட்டி யாரோ முகநூலில் போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?
– அண்ணன் மகள்

*

போட்டவருக்கு முதலில் தனியாக எழுதிக் கேட்கலாம். மறுத்தால், படம் சங்கத்துடையது என்று பதிப்புரிமைப் புகாரை நாம் கொடுக்கலாம். தனியுரிமைப் புகார் என்றால் அக்காவே கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போனதைத் திரும்பப் பெற வழியில்லை, இதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடு அம்மா.
– சேனல் பார்க்கும் தம்பி

*

முகநூலில் போட்டது என் மருமகன். பேசிப் பார்க்கிறேன். லட்சம் பார்வை போவதற்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.
– முன்னாள் தலைவர்